புதுத் துண்டு ஏன் துடைப்பதில்லை?

புதிதாக வாங்கிய தேங்காய்ப்பூத் துண்டை முதல் நாள் குளித்துவிட்டு எடுத்துத் துடைத்தால் பல வீடுகளில் ஒரே அனுபவம்தான். கைக்கு மெத்தென்று இருக்கிறது, ஆனால் தண்ணீர் போக மாட்டேன் என்கிறது. முதுகில் ஓட்டினால் ஈரம் இங்கிருந்து அங்கே நகர்கிறதே தவிர, துண்டுக்குள் இறங்குவதில்லை. கடையில் கேட்டால், "நாலு தண்ணி பட்டா சரியாயிடும்" என்பார்கள். அது உண்மைதான். ஏன் உண்மை என்று தெரிந்துகொண்டால், எந்தத் துண்டை வாங்கலாம், எப்படித் துவைக்கலாம், மழைக்காலத்தில் எது நாறாமல் காயும் என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. துவைக்காத புதுத் துண்டை மேசைமேல் விரித்து, ஒரு விரற்கடை உயரத்திலிருந்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உருண்டையாக அப்படியே நிற்கும். அதன் முதுகில் சன்னல் வெளிச்சம் பளிச்சென்று தெரியும். அந்தப் பளிச்சு மங்கி மறையும் நொடியில்தான் தண்ணீர் துணிக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள். ஆலைகளின் ஆய்வுக்கூடத்திலும் இதையேதான் செய்கிறார்கள். 1 செ.மீ. உயரத்திலிருந்து சொட்டை விட்டு, அதன் மினுக்கம் மறைய எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்க்கிறார்கள். நன்றாக உறிஞ்சும் துண்டில் ஓரிரு நொடி போதும். மென்மையூட்டி பூசிய புதுத் துண்டில் சொட்டு அரை நிமிடத்துக்கு மேலும் அசையாமல் உட்கார்ந்திருக்கக்கூடும். வீட்டில் இருக்கும் பழைய துண்டிலும் இதே சொட்டை விட்டு இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

மெழுகை எடுத்துவிட்டு மறுபடி பூசுகிறார்கள்

பருத்தி தண்ணீரை உறிஞ்சும் என்பது பாதி உண்மை. செடியிலிருந்து பறித்த பஞ்சை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டால் அது மிதக்கும். ஒவ்வொரு இழையின் வெளித்தோலிலும் இயற்கையான மெழுகு இருக்கிறது. எடையில் பார்த்தால் ஒரு விழுக்காடு அளவுக்குக்கூட வராது. ஆனாலும் தண்ணீரைத் தடுக்க அதுவே போதும். விளக்குத் திரிக்கு வெறும் பஞ்சு போதுமானதாக இருப்பதும் இதனால்தான். மெழுகுக்கு எண்ணெயோடு பகை இல்லை. மருந்துக் கடையில் வாங்கும் பஞ்சோ தண்ணீரில் போட்டதும் மூழ்குகிறது. 10 நொடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்துத் தர நூல்களின் விதி. இரண்டும் ஒரே பருத்திதான். ஒன்றில் மெழுகு இருக்கிறது, மற்றதில் எடுத்துவிட்டார்கள். மெழுகுக்கு அடியில் இருக்கும் செல்லுலோஸ் தண்ணீரை விரும்பி இழுத்துக்கொள்ளும் பொருள்.

தறியிலிருந்து இறங்கும் துண்டும் இந்த நிலையில்தான் இருக்கிறது. காடாத் துணி என்று அதைச் சொல்வார்கள். மெழுகு போகாதது மட்டுமில்லாமல், தறியில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கப் போட்ட கஞ்சியும் அதில் ஒட்டியிருக்கும். அதனால் காடாத் துண்டு தண்ணீரை ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஆலையில் முதலில் கஞ்சியைக் கரைத்து எடுக்கிறார்கள். பிறகு காஸ்டிக் சோடா கலந்த கொதிநீரில் வேகவைத்து மெழுகைப் போக்குகிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கிறார்கள். வேண்டிய நிறத்துக்குச் சாயம் ஏற்றி அலசுகிறார்கள். இந்தக் கட்டத்தில் துண்டை எடுத்துத் துடைத்தால் அது அருமையாக உறிஞ்சும். ஆனால் கைக்குச் சொரசொரவென்று இருக்கும்.

கடையில் துண்டு வாங்குகிறவர் அதை நனைத்துப் பார்த்து வாங்குவதில்லை. தடவிப் பார்த்து வாங்குகிறார். ஆகவே கடைசி அலசலில் சாஃப்ட்னர் சேர்க்கிறார்கள். இதில் இரண்டு வகை பரவலாக இருக்கிறது. ஒன்று கொழுப்பு வழியில் செய்யப்பட்டது. இதன் மூலக்கூறின் தலைப்பகுதியில் நேர்மின்னூட்டம் இருக்கும், வால் கொழுப்பாக இருக்கும். தண்ணீரில் நனைந்த பருத்தியின் மேல்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் தலை இழையைப் பிடித்துக்கொள்கிறது, கொழுப்பு வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னொன்று சிலிக்கோன். அது இழையின்மேல் வழவழப்பான மெல்லிய படலமாகப் படிகிறது. எதுவானாலும் இழைகள் ஒன்றோடொன்று உராயாமல் நழுவுகின்றன. அந்த நழுவலைத்தான் நம் கை மென்மை என்று உணர்கிறது. வெளிப்பக்கம் நிற்பது கொழுப்போ சிலிக்கோனோ ஆனபடியால் தண்ணீர் உள்ளே வர முடிவதில்லை. செடி பூசிய மெழுகைப் பாடுபட்டுக் கழுவிவிட்டு, வேறொரு மெழுகை ஆலையே மறுபடி பூசுவதாகிவிடுகிறது.

பூச்சு இவ்வளவு வலுவாகத் தடுப்பதற்குத் துண்டின் அமைப்பும் ஒரு காரணம். தாமரை இலையில் தண்ணீர் உருளுவது வெறும் மெழுகினால் மட்டும் அல்ல. இலையின் மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களால் ஆனது. மெழுகும் அந்தக் கரடும் சேரும்போதுதான் சொட்டு உருண்டையாகிறது. பூச்சுடைய தேங்காய்ப்பூத் துண்டின் நிலையும் அதுவே. இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகளின் சுவர் தண்ணீரை விரும்பினால், தண்ணீர் தானாகவே உள்ளே ஏறிவிடும். சுவர் விரும்பாவிட்டால், அதே நுண்ணிய இடைவெளி தண்ணீரை வெளியே தள்ளும். துண்டை உறிஞ்ச வைக்கும் அமைப்பே பூச்சு இருக்கும்வரை துண்டை எதிர்க்க வைக்கிறது. நாம் அழுத்தித் துடைக்கும்போது மட்டும் கொஞ்சம் தண்ணீர் வலுக்கட்டாயமாக உள்ளே போகிறது.

எல்லாப் புதுத் துண்டும் இப்படி இல்லை. தண்ணீரை விரும்பும் வகை சிலிக்கோனும் உண்டு. அது போட்டால் முதல் நாளே ஓரளவு உறிஞ்சும், ஆனால் தயாரிப்புச் செலவு கூடும். ஒரு துண்டு கடையில் அளவுக்கு மீறி வழுக்கலாக, பட்டைப் போல நழுவினால், அதில் பூச்சு தாராளம் என்று தெரிந்துகொள்ளலாம்.

முதல் துவைப்புகளில் என்ன நடக்கிறது

நாலு தண்ணீர் படும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது, பூச்சு கழன்று போவது. சலவைத் தூளில் இருக்கும் பொருள் எதிர்மின்னூட்டம் கொண்டது. சாஃப்ட்னரின் நேர்மின்னூட்டத் தலையோடு அது சேர்ந்து, இழையைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்துகிறது. கொழுப்பு வகைப் பூச்சு மூன்று நான்கு துவைப்பில் பெரும்பாலும் போய்விடும். சிலிக்கோன் பிடிவாதமானது. தேய்வதாலும் வெந்நீராலும் மெல்ல மெல்லத்தான் குறையும். பத்துத் துவைப்புக்குப் பிறகும் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம்.

இரண்டாவது வேலை பலர் கவனிக்காதது. ஆலையிலிருந்து வரும்போது துண்டு இழுத்துப் பிடித்து உலர்த்தப்பட்டு, மடித்து, அழுத்தி, கட்டுக் கட்டாக அடுக்கப்பட்டது. அதன் பூக்கள் தட்டையாகப் படுத்திருக்கும். தண்ணீரில் ஊறும்போது அடித்துணி சுருங்குகிறது. பருத்தித் துண்டு முதல் சில துவைப்பில் நீளத்தில் சில விழுக்காடு குறைவது இயல்பு. சுருங்கச் சுருங்க பூக்கள் நெருங்கி வருகின்றன. பூ நூலின் முறுக்கும் தளர்ந்து, இழைகள் விரிந்து, நூல் பருமனாகிறது. உறிஞ்ச வேண்டிய இடைவெளிகள் அப்போதுதான் உண்மையாகத் திறக்கின்றன.

ஆகவே புதுத் துண்டை வாங்கிய அன்றே ஒருமுறை வெந்நீரில் துவைப்பது நல்லது. கை பொறுக்கும் சூட்டில் (ஏறக்குறைய 40 பாகை செல்சியசு) வழக்கமான அளவில் பாதி சலவைத் தூள் போட்டு ஊறவையுங்கள். கசக்கி, நுரை போகும்வரை அலசுங்கள். நல்ல அடர்நிறத் துண்டு என்றால் முதல் இரண்டு முறை தனியாகத் துவைக்க வேண்டும். ஒட்டாத சாயமும் உதிரும் இழையும் அப்போது வெளியேறிவிடும். இதையே இன்னும் இரண்டு மூன்று முறை செய்துவிட்டு, மேலே சொன்ன சொட்டுச் சோதனையை மீண்டும் செய்து பாருங்கள். தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்கினால் துண்டு வேலைக்குத் தயார். இன்னும் உருண்டையாக நின்றால் சிலிக்கோன் மிச்சம் இருக்கிறது என்று பொருள். வினிகர் ஊற்றினால் எல்லாம் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். வினிகர் தண்ணீரின் உப்புப் படிவத்தைத்தான் கரைக்கும். சிலிக்கோனை அது ஒன்றும் செய்யாது.

பூ எப்படி வருகிறது

துண்டின் மேல் வளைவு வளைவாக நிற்கும் நூலைத்தான் பூ என்கிறோம். இந்த நெசவு துருக்கியிலிருந்து வந்தது. பர்சா நகரத் துண்டுகளைக் கண்ட ஆங்கிலேயர் என்றி கிறிஸ்டி ஒன்றை எடுத்துச் சென்றார். அவரது ஆலையில் வேலை செய்த சாமுவேல் ஓல்ட் அந்த நெசவைச் செய்யும் இயந்திரத்தை அமைத்தார். 1851ஆம் ஆண்டு லண்டனில் நடந்த பெரும் கண்காட்சியில் அந்தத் துண்டுகள் வைக்கப்பட்டன. டர்க்கி டவல் என்ற பெயர் நம் ஊர் வரை வந்தது இந்த வழியில்தான். இன்று இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் இந்த நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்.

தறியில் இதற்கு இரண்டு பாவு வேண்டும். ஒரு பாவு அடித்துணிக்கு. அது விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இன்னொன்று பூவுக்கு. அதைத் தளர்வாக விடுவார்கள். முதலில் இரண்டு ஊடை நூல்களை, நெய்த துணியின் விளிம்பை ஒட்டாமல், கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்துகிறார்கள். மூன்றாவது ஊடை வந்ததும் மூன்றையும் சேர்த்து ஒரே அடியாகத் துணியின் விளிம்பில் கொண்டுபோய் அடிக்கிறார்கள். விறைப்பான அடிப்பாவின்மேல் ஊடைகள் நழுவி வருகின்றன. தளர்வான பூப்பாவு மட்டும் ஊடைகளின் பிடியில் சிக்கி, அவற்றோடு சேர்ந்து முன்னே வந்து, மிஞ்சிய நீளம் மேலும் கீழும் வளைவாக எழும்பி நிற்கிறது. விட்ட இடைவெளி கூடினால் பூ உயரம், குறைந்தால் பூ குட்டை. ஒரு முழம் துண்டு நெய்ய, பூப்பாவு சாதாரணமாக நான்கைந்து முழம் செலவாகிறது. விலையின் பெரும்பகுதி அந்த நூலில்தான் போகிறது.

பூ ஏன் உறிஞ்சுகிறது? பருத்தி இழை தன் உடம்புக்குள் எடுத்துக்கொள்ளும் தண்ணீர் கொஞ்சம்தான், அதன் எடையில் கால்பங்கு அளவு. ஆனால் தண்ணீர் சொட்டச் சொட்ட நனைந்த ஒரு தேங்காய்ப்பூத் துண்டு தன் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு தண்ணீரைத் தாங்கும். மிச்சம் எல்லாம் நூலுக்குள் இழைகளுக்கு நடுவிலும், பூவுக்கும் பூவுக்கும் நடுவிலும் நிற்கிறது. தண்ணீரைப் பிடித்து வைப்பதில் இந்த வெற்றிடங்களுக்குத்தான் பெரும் பங்கு. ஆகவே எத்தனை பூ, எவ்வளவு உயரம், எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்தே துண்டின் கொள்ளளவு அமைகிறது.

நூலின் முறுக்கும் இதில் முக்கியம். இறுக்கி முறுக்கிய நூலில் இழைகள் நெருக்கமாக ஒட்டிக்கொள்ளும், உள்ளே இடமில்லை. அந்தத் துண்டு நீண்ட நாள் உழைக்கும், நூலும் உதிராது. ஆனால் தண்ணீரை மெதுவாகத்தான் எடுக்கும். தளர்ந்த முறுக்குள்ள நூலில் இழைகள் விரிந்து நிற்பதால் உறிஞ்சுவது வேகம், மென்மையும் இயல்பாகவே இருக்கும், பூச்சு தேவைப்படாது. அதற்கு விலையும் உண்டு: பூ வளையலிலும் நகத்திலும் மாட்டி இழுபடும், பஞ்சு உதிரும். முறுக்கே இல்லாத நூல் என்று விற்கப்படும் துண்டுகளில், தண்ணீரில் கரையும் ஒரு செயற்கை இழையைப் பருத்தியோடு சேர்த்து நெய்து, பிறகு வெந்நீரில் அதைக் கரைத்து எடுத்துவிடுகிறார்கள். எஞ்சுவது ஏறக்குறைய முறுக்கில்லாத பஞ்சு. துடைக்க மிகச் சுகம், ஆயுள் கொஞ்சம் குறைவு.

ஒரு பக்கம் வெல்வெட் மாதிரி பளபளப்பாக இருக்கும் துண்டைக் கடையில் பார்த்திருப்பீர்கள். அதில் பூவின் தலையைக் கத்தரித்துவிட்டிருக்கிறார்கள். பார்க்க அழகு, நிறமும் ஆழமாகத் தெரியும், ஆனால் கத்தரித்த பக்கம் மற்றப் பக்கத்தைவிட உறிஞ்சுவது குறைவு. அத்தகைய துண்டு வைத்திருப்பவர்கள் வளைவு நிற்கும் பக்கத்தால் துடைப்பது நல்லது.

கனமான துண்டும் காயாத துண்டும்

துண்டின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். உறையில் ஜி.எஸ்.எம். என்று எழுதியிருக்கும். எழுதாவிட்டால் நாமே கணக்கிடலாம். குளியல் துண்டின் வழக்கமான அளவு 70 செ.மீ. அகலம், 140 செ.மீ. நீளம். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஆகவே இந்த அளவுள்ள துண்டைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் வரும் கிராம்தான் கிட்டத்தட்ட அதன் ஜி.எஸ்.எம். 400 வரை இலேசு, 400 முதல் 600 வரை நடுத்தரம், அதற்குமேல் கனம் என்று கொள்ளலாம். ஓட்டல்களில் தருவது பெரும்பாலும் கனமானது.

இப்போது 400 கிராம் துண்டு ஒன்றையும் 600 கிராம் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே அளவு, ஒரே பருத்தி. இரண்டையும் துவைத்துப் பிழிந்தபின் ஒவ்வொன்றும் தன் எடைக்குச் சமமான தண்ணீரை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக ஒன்றில் 400 கிராம் தண்ணீர், இன்னொன்றில் 600 கிராம். இரண்டையும் ஒரே கொடியில் ஒற்றையாக விரித்துப் போடுகிறோம். துணி நன்றாக ஈரமாக இருக்கும்வரை, ஆவியாகும் வேகம் துணியின் கனத்தைப் பொறுத்ததல்ல. வெளியே தெரியும் பரப்பு எவ்வளவு, காற்று எவ்வளவு வீசுகிறது, காற்றில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பவைதான் அதை முடிவு செய்கின்றன. இரண்டு துண்டின் பரப்பும் ஒன்றே. எனவே இரண்டும் மணிக்கு ஒரே அளவு தண்ணீரைத்தான் இழக்கும். நல்ல காற்றில் மணிக்கு 100 கிராம் போகிறது என்று கொண்டால், இலேசான துண்டுக்கு 4 மணி நேரம், கனமானதற்கு 6 மணி நேரம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது வேகம் 40 கிராமாகக் குறைந்துவிட்டால், ஒன்றுக்கு 10 மணி நேரம், மற்றதற்கு 15 மணி நேரம். காலையில் நனைந்த துண்டு மாலைக்குள் காய்வதற்கும், இரவு வரை ஈரமாகவே இருப்பதற்கும் உள்ள இடைவெளி அதுதான்.

உண்மையில் இதைவிட இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கடைசிக் கட்டத்தில் மேல்பரப்பு உலர்ந்து, ஈரம் பூவின் அடியிலும் நூலின் உள்ளேயும் ஒதுங்கிவிடுகிறது. அங்கே காற்று போவதில்லை. அந்தக் கடைசி ஈரம்தான் மெல்லப் போகும். குளித்துத் துடைத்த துண்டிலும் இதுவே நடக்கிறது. நம் உடம்பில் இருக்கும் தண்ணீர் எந்தத் துண்டால் துடைத்தாலும் ஒரே அளவுதான். ஆனால் கனமான துண்டில் அது ஆழமாக இறங்கி அடியில் தங்கிவிடுவதால், மேலே தொட்டால் காய்ந்தது போலவும் உள்ளே ஈரமாகவும் நெடுநேரம் இருக்கும். துண்டைக் குளியலறைக் கம்பியில் இரண்டாக மடித்துப் போட்டால் வெளியே தெரியும் பரப்பு பாதியாகிவிடும். காயும் நேரம் இரண்டு மடங்காகும்.

காயாத துண்டு நாறுவதற்குக் காரணமும் கண்டறியப்பட்டிருக்கிறது. துவைத்துக் காய்வதற்கு நேரமான துணிகளில் வரும் அந்தக் குறிப்பிட்ட வாடைக்கு மொராக்செல்லா ஒஸ்லொயென்சிஸ் என்ற பாக்டீரியா காரணம் என்று ஜப்பான் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். துணியில் ஒட்டியிருக்கும் நம் தோலின் கொழுப்பையும் உதிர்ந்த தோலையும் தின்று அது வாடையை உண்டாக்குகிறது. ஈரம் நீடிக்க நீடிக்க அது பெருகும். ஆகவே விரைவாகக் காய்வது வெறும் வசதி மட்டும் அல்ல, துண்டின் சுத்தமும் அதைச் சார்ந்தது.

இந்தக் கணக்கில் பார்த்தால் ஈரோடு பக்கம் நெய்யும் ஈரிழைத் துண்டின் தகுதி புரியும். பூ இல்லை, கனமில்லை, இறுகிய பூச்சும் இல்லை. துடைத்தால் உடனே ஈரத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் கொள்ளளவு சிறிது, தலைமுடி நிறைய இருப்பவர் ஒருமுறை பிழிந்துவிட்டுத் தொடர வேண்டும். பிழிவதும் அதற்கு எளிது, காய்வதும் விரைவு. வேகமாக உறிஞ்சுவதும் நிறைய உறிஞ்சுவதும் வேறு வேறு. மெல்லிய துண்டிலும் வேகம் இருக்கும், பூ நெருங்கிய கனமான துண்டில் அளவு இருக்கும். ஒரே துண்டில் நிறைய கொள்ளளவும் சீக்கிரம் காய்வதும் சேர்ந்து வராது.

நன்றாக இருந்த துண்டு மறுபடி கெடுவது

நன்றாக உறிஞ்சிக்கொண்டிருந்த துண்டு சில மாதத்தில் மறுபடி தண்ணீரைத் தள்ளுவதையும் பார்க்கிறோம். பெரும்பாலும் நாமே அதன்மேல் மீண்டும் ஒரு படலத்தைப் போட்டிருக்கிறோம். வீட்டுச் சலவையில் ஊற்றும் துணி மென்மையூட்டி ஆலைச் சாஃப்ட்னரைப் போன்றதுதான். ஒவ்வொரு துவைப்பிலும் அதை ஊற்றினால், முதல் நாலு துவைப்பில் கழுவியதை மறுபடி திரும்பக் கொண்டுவருவதாகும். துண்டுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்தது போர்வெல் தண்ணீரும் கட்டிச் சோப்பும். கடினநீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்காக மாறுகின்றன. வாளியில் மிதக்கும் சாம்பல் நிற ஆடை அதுதான். அது துண்டின் இழைகளில் படிந்துவிட்டால், விறைப்பும் வரும், தண்ணீரையும் தள்ளும். இப்படிப்பட்ட தண்ணீரில் கட்டிச் சோப்பைவிட சலவைத் தூளோ திரவமோ நல்லது. சலவைச் சோடாவை முதலில் தண்ணீரில் கலந்தால் கடினத்தன்மை குறையும். படிந்ததை எடுக்கத்தான் வினிகர் உதவும். ஒரு வாளிக்கு அரைத் தம்ளர் கலந்து ஊறவைத்துவிட்டு, பிறகு வெந்நீரில் சலவைத் தூளோடு துவைக்க வேண்டும். அமிலம் படிவத்தைப் பிரிக்கும். அதில் பிரிந்து வரும் கொழுப்பைச் சலவைத் தூள்தான் எடுத்துப்போகும். இரண்டும் தேவை. இரண்டையும் ஒரே தண்ணீரில் கலந்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும். வெளுப்புத் தூளும் வினிகரும் எப்போதும் ஒன்றாகக் கூடாது, நச்சு வாயு வரும்.

மூன்றாவது எண்ணெய். எண்ணெய்க் குளியலன்று தலை துவட்டும் துண்டில் நல்லெண்ணெய் கொஞ்சமாவது ஒட்டிக்கொள்ளும். அதைத் தள்ளிப் போடாமல் அன்றே வெந்நீரில் துவைத்துவிட வேண்டும். நாளானால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து பிசினாகி, மஞ்சளாகக் கறைபட்டு, எளிதில் போகாது. எண்ணெய்க் குளியலுக்கென்று ஒரு பழைய துண்டைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

வெயிலில் காய்ந்த துண்டு விறைத்துப்போவதை வைத்து அது கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். காய்ந்ததாகத் தோன்றும் பருத்தியிலும் இழையோடு இறுகப் பிணைந்த சிறிதளவு தண்ணீர் இருக்கிறது. அது பக்கத்துப் பக்கத்து இழைகளைப் பசை போல் ஒட்டிவைத்து விறைக்கச் செய்கிறது என்று 2020இல் ஜப்பானில் நடந்த ஒரு ஆய்வு சொல்கிறது. காயும்போது துணி அசையாமல் தொங்கினால் அந்தப் பிணைப்பு உறுதியாகும். கொடியில் போடும் முன் இரண்டு முறையும், எடுக்கும்போது இரண்டு முறையும் நன்றாக உதறினால் பிணைப்புகள் உடைந்து பூவும் நிமிரும். விறைத்த துண்டுதான் பெரும்பாலும் நன்றாக உறிஞ்சும், ஏனென்றால் அதில் பூச்சு இல்லை.

வாங்கும்போது

கடையில் தடவிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், துண்டின் ஒரு மூலையைக் கையில் பிடித்து விரித்துப் பாருங்கள். பூக்களுக்கு நடுவே அடித்துணி கண்ணுக்குத் தெரிந்தால் பூ நெருக்கம் போதாது. விரலால் பூவை இப்படியும் அப்படியும் ஒதுக்கிப் பாருங்கள். நிமிர்ந்து திரும்ப எழுந்தால் நூல் நன்று, அப்படியே படுத்துக்கொண்டால் உயரம் கூடுதல் அல்லது நெருக்கம் குறைவு. உறையில் பாலியஸ்டர் கலப்பு எழுதியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சாதாரண பாலியஸ்டர் இழை தனக்குள் ஏறக்குறைய ஈரத்தையே எடுத்துக்கொள்ளாது. அடித்துணியில் கொஞ்சம் சேர்த்தால் ஆயுள் கூடும், ஆனால் பூவில் பருத்திதான் வேண்டும்.

கனத்தைத் தேர்ந்தெடுப்பது வீட்டைப் பொறுத்தது. மாடியில் கொடி இருந்து, வெயிலும் காற்றும் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் 500 முதல் 600 வரை கனமுள்ள துண்டு சுகமாக இருக்கும். அடுக்குமாடியில், குளியலறைக்குள்ளேயோ சிறு பால்கனியிலோ காயப்போட வேண்டியவர்களுக்கும், கடற்கரை ஊர்க்காரர்களுக்கும் 350 முதல் 450 வரை போதும். மழை மாதங்களுக்கு ஈரிழைத் துண்டு இரண்டை வைத்துக்கொண்டால் ஒன்று காயும் நேரத்தில் மற்றது வேலை செய்யும். கடையில் கைக்கு எவ்வளவு மென்மை என்பதைவிட, நான்காவது துவைப்புக்குப் பிறகு எவ்வளவு உறிஞ்சுகிறது, மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடுகிறதா என்ற இரண்டு கேள்விகளை வைத்துத் துண்டை மதிப்பிடுங்கள். விலை கூடிய துண்டு எப்போதும் முதலிடத்தில் வராது என்பது அப்போது தெரியும்.